தண்ணி வண்டி நாலு மணி

பொதுத் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது எங்கள் தலைமை ஆசிரியருக்கு ஒரு யோசனை வரும். எல்லா வருஷமும் தவறாமல் வரும். ஒரு வருஷம் பிள்ளைகளை மரத்தடியில் கண்ணை மூடி உட்காரச் சொன்னார். பாதிப் பேர் நிஜமாகவே தூங்கிவிட்டார்கள். இந்த முறை வந்த யோசனை, ஒவ்வொரு பாட ஆசிரியரும் பிளஸ் டூ வகுப்புக்கு ஓர் ஊக்கக் கடிதம் எழுதி, பெற்றோரும் பிள்ளைகளும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்பது. மாலைக்குள் போடாதவர்கள் பெயரைக் குழுவிலேயே கேட்பாராம். ஊக்கம் என்றால் இப்படித்தான் வர வேண்டும்.

மற்ற ஆசிரியர்கள் புத்திசாலிகள். வேதியியல் சார் ரோஜாப் படத்தோடு ஒரு வெற்றி மொழியை அனுப்பினார். அதன் தலையில் 'பலமுறை பகிரப்பட்டது' என்று அதுவே காட்டிக் கொடுத்தது. கணக்கு டீச்சர் சூரியன் உதிக்கிற படம். நான்தான் அசடு மாதிரி உட்கார்ந்து உண்மையிலேயே ஒரு கடிதம் எழுதினேன். நான் இயற்பியல் எடுக்கிறேன். ஓசூரில், பேட்டரி கம்பெனிக்கும் பஸ் கம்பெனிக்கும் இடையில் இருக்கிற அரசுப் பள்ளி. ஷிஃப்ட் சங்கு ஊதினால் எங்கள் மணி கேட்காது.

கடிதத்தில் எழுதியது இதுதான்:

"பிள்ளைகளே, இந்த ஒரு வாரத்தில் புதிதாக நோட் எழுதாதீர்கள். பழையதை அழகாகத் திருப்பியும் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் கைதான் படிக்கும், தலை வேடிக்கை பார்க்கும். உங்கள் சொந்த நோட்டை எடுங்கள். ஒரு தலைப்பை மட்டும் பாருங்கள். நோட்டை மூடுங்கள். வெறும் தாளில், அந்தத் தலைப்பில் தெரிந்ததையெல்லாம் படத்தோடும் சூத்திரத்தோடும் எழுதுங்கள். ஞாபகம் வராவிட்டால் உடனே திறக்காதீர்கள். கொஞ்ச நேரம் திணறுங்கள். அந்தத் திணறல்தான் படிப்பு. பிறகு திறந்து, விட்டுப்போனதை மட்டும் வேறு மையில் எழுதுங்கள். அந்த வேறு மையில் இருப்பதுதான் இனி நீங்கள் படிக்க வேண்டியது. மறுநாள் அதிலிருந்து ஆரம்பியுங்கள், மறுபடியும் நோட்டை மூடிவிட்டு. ஒரே பாடத்தை நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு அழாமல், மாற்றி மாற்றி எடுங்கள். பாடம் நடந்தபோது ஓரத்தில் நீங்கள் எழுதிவைத்த சந்தேகங்களை முதலில் பாருங்கள். நீங்கள் தடுக்கி விழுந்த இடம் அது. விடை கிடைக்காதவற்றை என்னிடம் கேளுங்கள். அடுத்தவர் நோட்டைத் தேடி ஓடாதீர்கள். அவர் தடுக்கிய இடம் வேறு, உங்கள் இடம் வேறு. நேரத்துக்குத் தூங்குங்கள்."

வகுப்புக்கு என்றுதான் எழுதினேன். ஆனால் எழுதும்போது மனசில் ஒரு பெண் இருந்தாள். மூக்கண்டப்பள்ளியில் வரிசை வீடு ஒன்றில் அம்மாவோடு இருப்பவள். அம்மா ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் பாகம் பொருத்துகிற வேலை. சொந்த ஊர் வேப்பனப்பள்ளி பக்கம், வீட்டில் தெலுங்கு. ஜனவரியில் ஒரு கம்பெனி எங்கள் பள்ளிக்கு வந்து சில பெண்களைத் தேர்வு செய்தது. பகலில் வேலை, கம்பெனி செலவிலேயே டிப்ளமோ. அதில் இவளும் ஒருத்தி. ஒரே ஒரு நிபந்தனை, எல்லாப் பாடத்திலும் முதல் தடவையிலேயே தேற வேண்டும். ஜூனில் துணைத் தேர்வு எழுதித் தேறினால் செல்லாது. இவளோ திருப்புதல் தேர்வு எல்லாவற்றிலும் என் பாடத்தில் மட்டும் வரிசையாகக் கோட்டை விட்டிருந்தாள். வகுப்பில் நான் சொல்வதை ஒன்று விடாமல் எழுதுகிற பெண் எப்படித் தோற்கிறாள் என்று எனக்கு மண்டை காய்ந்தது. ஆதங்கமாகவும் இருந்தது, ஏனென்றால் அந்த வேலை அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்று நான் ரொம்ப ஆசைப்பட்டேன்.

கடிதத்துக்கு நல்ல வரவேற்பு. குழுவில் கும்பிடுகிற கைகளாக வந்து குவிந்தன. ஒரு அப்பா, 'சூப்பர் மேடம், இதைப் பையனை மனப்பாடம் பண்ணச் சொல்லிட்டேன்' என்று போட்டிருந்தார். நான் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன்.

மறுநாள் சிறப்பு வகுப்புக்குப் போனால், முன்பெஞ்சு முழுக்க என் கடிதத்தை நோட்டில் எழுதி வைத்திருந்தது. தலைப்புக்குச் சிவப்பில் அடிக்கோடு. 'திணறுங்கள்' என்ற சொல்லுக்குப் பச்சை ஸ்கெட்ச்சில் பெட்டி. புதிதாக நோட் எழுதாதீர்கள் என்ற வரியை ஒருத்தி முத்து முத்தாக எழுதியிருந்தாள். இது எத்தனை மார்க் கேள்வி என்று ஒருவன் எழுந்து கேட்டான். தலையில் அடித்துக்கொள்வதற்கு ஒரு கைதான் இருந்தது, இன்னொன்றில் சாக்பீஸ்.

சரி, சொன்னால் ஏறாது, செய்ய வைத்தால் ஏறும் என்று நோட்டை எல்லாம் மூடச் சொன்னேன். லென்ஸ் பாடம். வெறும் தாள் கொடுத்து, தெரிந்ததை எழுதுங்கள் என்றேன். வகுப்பு அமைதியானது. பிள்ளைகள் ஆழ்ந்து யோசிக்கிற அமைதி என்று வெளியாள் யாராவது பார்த்தால் நினைத்திருப்பார். எனக்குத்தான் தெரியும், அது யாரிடமும் எதுவும் இல்லாத அமைதி. பேப்பரில் தேதி போட்டிருந்தார்கள். சிலர் லென்ஸ் என்று தலைப்பும் போட்டிருந்தார்கள்.

இப்போது நோட்டைத் திறந்து, விட்டதை வேறு மையில் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு, வரிசை வரிசையாகப் போய்ப் பார்த்தேன். இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு இரண்டு நோட் உண்டு. வகுப்பில் எழுதுவது ரஃப் நோட். அதை யாரும் மதிப்பதில்லை. அதிகாரி பார்வைக்கும் என் கையெழுத்துக்கும் எழுதுவது ஃபேர் நோட். அதற்குத்தான் பிரவுன் அட்டை, லேபிள், மார்ஜின், மரியாதை எல்லாம். ஃபேர் நோட்டில் கையெழுத்து விழுந்ததும் ரஃப் நோட் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். என் கடிதம் 'உங்கள் சொந்த நோட்' என்றதும், எல்லாரும் பெருமையாக ஃபேர் நோட்டைக் கொண்டு வந்திருந்தார்கள்.

முதல் நோட்டில் லென்ஸ் சூத்திரத்துக்குப் பக்கத்து ஓரத்தில் ஒரு சந்தேகம்: 'இங்க மைனஸ் எங்கருந்து வந்துச்சு?' பரவாயில்லையே, ஓரத்தில் சந்தேகம் எழுதுகிறாளே என்று மனசு குளிர்ந்தது. இரண்டாவது நோட்டிலும் அதே இடத்தில் அதே சந்தேகம். மூன்றாவதிலும். நான்காவதில் அதைச் சுற்றிப் பூ போட்டிருந்தது. ஒரு வகுப்பே ஒரே இடத்தில் தடுக்கி விழுந்திருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அங்கே பிம்பம் உருவாகும் படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: 'தண்ணி வண்டி நாலு மணி.'

எல்லா நோட்டிலும் இருந்தது. தண்ணி வண்டி நாலு மணி. சிலர் சாதாரணமாக, சிலர் அடிக்கோட்டோடு. ஒருவன் முக்கியம் என்று நட்சத்திரமே போட்டிருந்தான். இன்னொரு ஓரத்தில் 'எதுரு போதே மைனஸ்' என்று தெலுங்கைத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தது. எதிராகப் போனால் மைனஸ் என்று அர்த்தம். அப்பா வேலைக்காகத் தூத்துக்குடியிலிருந்து வந்து குடியேறிய வீட்டுப் பையன் ஒருவனுக்குத் தெலுங்கு தெரியாது. யாரோ விஞ்ஞானி போலிருக்கிறது என்று அவன் அதற்கு 'எதுரு போதே விதி' என்று தலைப்புக் கொடுத்து மரியாதை செய்திருந்தான். இத்தனை நோட்டிலும் கடைசியில் தேதியோடு என் கையெழுத்து வேறு, 'நன்று' என்று.

இந்தத் தண்ணி வண்டி யார் வீட்டுக்கு வருகிறது என்று கேட்டேன். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தது அந்த மூக்கண்டப்பள்ளிப் பெண்ணை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வரிசை வீட்டுக்கு நாலு மணிக்குத் தண்ணி வண்டி வரும் என்று அம்மா சொல்லி அனுப்பியதை, மறக்காமல் இருக்க ஓரத்தில் குறித்திருக்கிறாள். அவளுடைய ரஃப் நோட்டை வாங்கித்தான் வகுப்பே ஃபேர் நோட் போட்டிருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு.

உன் நோட்டை எடு என்றேன். அவள் மேஜையில் இருந்தது ஏதோ ஒரு கைடின் ஜெராக்ஸ் கட்டு. ஃபேர் நோட்டும் இல்லை, ரஃப் நோட்டும் இல்லை.

"நோட்டு எங்கிட்ட இருந்ததே இல்ல மிஸ்" என்றாள். "எழுதி முடிச்சதும் யாராச்சும் வாங்கிட்டுப் போயிடுவாங்க. இன்னிக்குத் தரேன், நாளைக்குத் தரேன்னு சொல்லுவாங்க. நீங்க சொந்த நோட்டைப் படிங்கன்னு எழுதினீங்க. எனக்கு அழுகையா வந்துச்சு."

அவள் ஏன் தோற்றாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எழுதியவளிடம் நோட் தங்கியதில்லை. எழுதாத அத்தனை பேரிடமும் இருந்திருக்கிறது. அவர்களும் படித்ததாகத் தெரியவில்லை.

விசாரணை ஆரம்பித்தது. முதலில் வாங்கியவள் அடுத்தவளுக்குக் கொடுத்திருக்கிறாள், அவள் பி பிரிவில் இருக்கிற சித்தி பையனுக்கு, அவன் ஜெராக்ஸ் எடுக்கப் போய்க் கடையிலேயே விட்டுவிட்டான். ஏன்டா திருப்பி வாங்கவில்லை என்றால், கடைக்காரர் தானே வைத்துக்கொள்வதாகக் கேட்டாராம், பெரிய மனிதர் கேட்கும்போது எப்படி மறுப்பது என்றான். அவனுடைய பெருந்தன்மையை நினைத்து எனக்குக் கண்ணீரே வந்துவிடும் போலிருந்தது.

பள்ளி விட்டதும் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடைக்குப் போனேன். பி.எஃப். பாரம், ஆதார், கம்பெனி அடையாள அட்டை லேமினேஷன் என்று எப்போதும் கூட்டமாக இருக்கும் கடை. கடைக்காரர் ஆனேக்கல் பக்கம், கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். கல்லாவுக்குப் பின்னால் அலமாரியில் எங்கள் நோட், பாலிதீன் உறைக்குள் பத்திரமாக இருந்தது. அதுதான் மாஸ்டர் காப்பியாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் அதைத்தான் கேட்கிறார்களாம். இதை எழுதிய பெண் இவள்தான் என்றேன். அவர் அவளைப் பார்த்து மனதாரப் பாராட்டினார், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று. நோட்டைத் தருகிற பேச்சை மட்டும் எடுக்கவில்லை. இதைக் கொடுத்துவிட்டால் எதை வைத்துக் காப்பி போடுவது என்று என்னையே நியாயம் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். என் வாயைப் பற்றி எங்கள் பள்ளியில் கேட்டால் சொல்வார்கள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் ஆதாரை மறந்துவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். நோட் கைக்கு வந்தது.

அந்தப் பெண் அங்கேயே திறந்து பார்த்தாள். ஓரம் எல்லாம் வெள்ளை. ஒவ்வொரு பக்கத்திலும் அவள் எழுதிய சந்தேகங்கள், தெலுங்கில் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட விளக்கங்கள், எல்லாவற்றின் மீதும் வைட்னர் பூசியிருந்தது. நன்றாக, இரண்டு கோட்டிங்.

"ஓரத்துல கிறுக்கலா இருந்துச்சுங்க மேடம்" என்றார் கடைக்காரர், உதவி செய்தவர் முகத்தோடு. "காப்பில அசிங்கமா விழுது. நானே உக்காந்து பூரா நீட் பண்ணேன்."

நீட் பண்ணியிருந்தார். போதாதற்கு இலவசமாக ஸ்பைரல் பைண்டிங் போட்டுத் தருவதாகவும் சொன்னார். அந்தப் பெண் ஒரு பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், தாள் கிழிந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதாள். எனக்கு அந்த ஆளைத் திரும்பிப் போய் ஒரு அறை விடலாமா என்று இருந்தது. பாடம் புத்தகத்திலேயே இருக்கிறது, அது போகட்டும். அவள் எங்கே முழித்தாள், பிறகு எப்படித் தனக்குப் புரிய வைத்துக்கொண்டாள் என்பது அந்த ஓரத்தில் மட்டும்தான் இருந்தது. இனி அது எங்கே கிடைக்கும் என்று நானும் நம்பிக்கையை விட்டுவிட்டேன்.

வீட்டுக்குப் போய்ச் சப்பாத்தி மாவு பிசையும்போதுதான் உறைத்தது. எங்கே கிடைக்குமா? வகுப்பு முழுக்கக் கிடைக்கும். அந்த மூளையில்லாத பிள்ளைகள் தண்ணி வண்டியைக்கூட விடாமல் ஓரத்தை அப்படியே காப்பி அடித்து, பூ போட்டு, பெட்டி போட்டுப் பாதுகாத்து வைத்திருக்கிறார்களே! வருஷம் முழுக்கச் செய்த முட்டாள்தனம் ஒரு நாளாவது உதவட்டும் என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலையில் அவளைப் பிடித்தேன். மற்றவர்கள் நோட்டிலிருந்து ஓரத்தை எல்லாம் திருப்பி எழுதிக்கொள்ளலாம் என்று அவள் ஏற்கெனவே பேனாவோடு தயாராக இருந்தாள். நான் விடவில்லை.

"காப்பி அடிக்கறதுக்கு இந்தப் பள்ளிக்கூடத்துல ஆளா இல்ல?" என்றேன். "வெள்ளையா இருக்கற ஒவ்வொரு இடத்துலயும் என்ன இருந்துச்சுன்னு முதல்ல நீயே யோசிச்சு எழுது. அப்புறமா அவங்க நோட்டைப் பாரு."

வெள்ளைத் திட்டுகளுக்கு எண் போட்டுக்கொண்டு, தனித் தாளில் எழுத ஆரம்பித்தாள். ஆச்சரியம் என்னவென்றால், அவளுக்கு நிறைய ஞாபகம் வந்தது. அவள் தலையில் உதித்த சந்தேகங்கள் அல்லவா? மைனஸ் எங்கிருந்து வந்தது என்ற இடம் வந்ததும் கேள்வியையும் எழுதினாள், பதிலையும் எழுதினாள்: ஒளி போகிற திசையில் அளந்தால் பிளஸ், அதற்கு எதிராக அளந்தால் மைனஸ்; பொருள் லென்ஸுக்கு முன்னால் இருப்பதால், லென்ஸிலிருந்து பொருளை நோக்கி அளக்கும்போது ஒளிக்கு எதிராகப் போகிறோம், அதனால் பொருளின் தூரம் மைனஸ். எதுரு போதே மைனஸ். சில திட்டுகளில் பேனா நின்றுவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திணறட்டும் என்று நானும் சும்மா இருந்தேன். எனக்குச் சும்மா இருப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை.

பிறகு பக்கத்து நோட்டுகளைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் எழுதினாள். சிவப்பு எல்லாம் மின்காந்தத் தூண்டல் பாடத்திலும் குறைகடத்திப் பாடத்திலும் வந்து விழுந்தது. அவள் படிக்க வேண்டியது இரண்டே பாடம் என்று தெரிந்துவிட்டது. அதுவரை முழுப் புத்தகத்தையும் பார்த்துப் பயந்துகொண்டிருந்தவள் அவள். சிவப்பை மட்டும் மறுநாள் நோட்டை மூடி வைத்து எழுதினாள், பாதி ஞாபகத்திலிருந்தே வந்து கறுப்பானது. விடை இல்லாத சந்தேகங்களைத் தூக்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்து என் சாப்பாட்டு நேரத்தைக் கெடுத்தாள். அந்த வாரம் நான் எடுத்துப்போன தயிர்சாதம் எல்லாம் புளித்துத்தான் வீடு திரும்பியது.

நோட் கொடுத்த பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. தங்கள் நோட்டில் ஓரத்தில் இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று முதல் முறையாக அவளிடம் கேட்டார்கள். தூத்துக்குடிப் பையன், எதுரு போதே என்று விஞ்ஞானி யாரும் இல்லை என்று தெரிந்து கொஞ்சம் வருத்தப்பட்டான்.

யோசித்துப் பார்த்தால், ஊரிலேயே என் கடிதத்தைச் சரியாகப் பின்பற்றிய ஒரே ஆள் அந்த ஜெராக்ஸ் கடைக்காரர்தான். நோட்டை மூடு என்று நான் எழுதினேன். அவர் உட்கார்ந்து வைட்னர் போட்டே மூடிக் கொடுத்தார்.

தேர்வு நடந்தது. விடைத்தாள் திருத்துகிற சமயத்தில், வேறு மாவட்டத்து முகாமில் இருந்த என் தோழி போன் செய்தாள். தாள் எந்த ஊர் என்று தெரியாதாம், ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் லென்ஸ் படத்துக்குக் கீழே 'தண்ணி வண்டி நாலு மணி' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறானாம். புதுப் பாடத்திட்டத்தில் ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டாள். நான் தெரியாது என்று சொல்லிவிட்டேன். எதற்கு நம் ஊர் மானம் கப்பலேற வேண்டும்?

முடிவு வந்த அன்று அந்தப் பெண் மதிப்பெண்ணைச் சொல்லவில்லை, அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டு, "பாஸ் மிஸ்" என்று மட்டும் சொன்னாள். எல்லாப் பாடத்திலும். முதல் தடவையிலேயே. பின்னாலிருந்து அம்மா தெலுங்கில் என்னவோ சொல்லிக்கொண்டே அழுவது கேட்டது. நானும் அழுதுவிடக் கூடாதே என்று, நோட்டை எவளுக்கும் கொடுக்காதே என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன்.

தலைமை ஆசிரியர் என் கடிதத்தை மெச்சினார். அடுத்த வருஷம் முதல் நாளே அதை எல்லாப் பிள்ளைகளும் ஃபேர் நோட்டில் அழகாக எழுதி என்னிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டிருக்கிறார்.

அந்தப் பெண் இப்போது கம்பெனி பஸ்ஸில் போகிறாள், சாயங்காலம் டிப்ளமோ வகுப்பு. முதல் செமஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் எனக்கு ஒரு படம் அனுப்பினாள். அவள் நோட்டின் ஒரு பக்கம். ஓரம் எல்லாம் வெள்ளை. பதறிப்போய், எவன்டி பூசினது என்று கேட்டேன்.

"நான்தான் மிஸ்" என்று பதில் வந்தது. "கூடப் படிக்கறவளுங்க காப்பி அடிச்சு முடிச்சதும் பேசாம பூசிடறேன். பரீட்சை வந்தா அதுல என்ன இருந்துச்சுன்னு எழுதிப் பாக்கறேன். எழுத வரலன்னா காப்பி அடிச்சவளுங்க நோட்டுல இருக்கு."